பாங்க் மாமாவின் ஃபேன் கொப்பி

கச்சான் காற்று தொடங்கினால் கல்லடியில் ஃபேன் இல்லாமல் ஒரு மணி நேரம் இருக்க முடியாது. போன வைகாசியில் எங்கள் மேசை ஃபேன் 'ம்ம்' என்று இரைந்ததே தவிர, சுற்றவில்லை. கையால் தள்ளிவிட்டால் மெதுவாகச் சுற்றும். டவுனில் ஒரு கடையில் கொயில் எரிந்துவிட்டது, திரும்பச் சுற்ற வேண்டும் என்றார்கள். அம்மாதான், "பாங்க் மாமாட்டக் காட்டு மனே" என்றார்.

மாமா பாங்கில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், ரேடியோ திருத்தும் சிநேகிதரிடம் போய் முக்காலி போட்டு உட்கார்ந்து பழகினார். முதலில் கழற்றியது சொந்த ஃபேனைத்தான். இழுத்த இழுப்பில் கொயில் கம்பி அறுந்து, ஃபேன் குப்பைக்குப் போனது.

எங்கள் ஃபேனைப் பிளக்கில் மாட்டாமலே, இதழை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். நாலைந்து சுற்று இலகுவாக ஓடியது. "அச்சைத் தாங்கிற புஷ் இறுகியிருந்தா இப்பிடி ஓடாது." பிறகு பின்மூடியைக் கழற்றி, கெப்பாசிட்டரின் இரண்டு வயரையும் ஒரு பல்பில் தொட்டு மிச்ச மின்சாரத்தை இறக்கிவிட்டு மீட்டர் வைத்தார். மேலே எழுதியிருந்தது 1.5 மைக்ரோஃபரட். மீட்டர் காட்டியது 0.6. கொயிலையும் அளந்தார், அதில் பிழையே இல்லை.

ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்க இரண்டாவது கொயிலுக்கு மின்சாரம் கொஞ்சம் முன்பின்னாகப் போக வேண்டுமாம். அதைச் செய்வது கெப்பாசிட்டர். அது பலவீனமானால் இரைச்சல் மட்டும்தான் மிஞ்சும். "வேகமாச் சுத்த 2.5 போடலாமே மாமா?" என்றேன். "கொயில் சூடாகிச் செத்துப்போகும்" என்று அதே 1.5-ஐப் போட்டார். அரை மணி நேரம் ஓடவிட்டு, மோட்டாரைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் தந்தார்.

எனக்குப் பிடித்தது அந்தக் கொப்பி. பாங்குப் பழக்கம் போகவில்லை. திகதி, முறைப்பாடு, எழுதியிருந்த அளவு, மீட்டர் அளவு, போட்ட சாமான், காசு. பழைய சாமானைக் கடதாசியில் சுற்றிக் கையில் தந்துவிடுவார். முதல் வருடம் எங்கள் ஒழுங்கை ஆட்கள் மட்டும்தான் வந்தார்கள். இப்போது காத்தான்குடியிலிருந்தும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருகிறார்கள். மலிவு என்பதால் அல்ல. காசு வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவர் என்பதால்தான் என்பேன்.

போன கிழமை ஒரு அக்கா கொண்டுவந்த ஃபேனில் யாரோ தேங்காயெண்ணெய் விட்டிருந்தார்கள். அது பிசினாகி புஷ்ஷை இறுக்கி, மோட்டார் சூடேறி, கொயிலோடு கட்டியிருக்கும் வெப்ப ஃபியூஸ் அறுந்திருக்கிறது. பிறகு திருத்தியவர் புது ஃபியூஸ் போடாமல் வெறும் வயரால் இணைத்துவிட்டார். கொயில் கறுத்து, கருகல் மணம். வெறும் வயர் தீப்பிடிக்க விடும் வேலை என்று மாமா கோபப்பட்டார். "பிள்ளை, இதில காசு போடாத." திறந்து பார்த்ததற்கும் கூலி எடுக்கவில்லை. கொப்பியில் 'திருப்பித் தந்தது' என்று மட்டும் எழுதினார்.

மூன்றாம் நாள் அதே அக்கா வீட்டிலிருந்த மற்ற இரண்டு ஃபேனையும், தங்கச்சியின் ஒன்றையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.