ஓசிக்கு அலைந்தவனா அவன்?

குழித்துறைத் தம்பி போட்ட வாஷிங் மெஷின் ஆர்டரை, விலையைத் தப்பாகப் போட்டுவிட்டோம் என்று கடை ரத்து செய்த விவகாரம் எல்லாருக்கும் தெரியும், திரும்பவும் முழுக்கதை சொல்லப்போவதில்லை. கமெண்டில் வந்து "தப்பா போட்ட விலைக்குப் பொருள் கேக்குறது பிச்சை எடுக்குறதுக்குச் சமம்" என்று எழுதிய அண்ணாச்சிகளுக்குத்தான் இந்தப் பதிவு. அதில் இரண்டு பேர் கடை வைத்திருப்பவர்கள். அதைப் பார்த்தபோதுதான் கொஞ்சம் வலித்தது.

கணக்கை மட்டும் பார்ப்போம். ஏழு கிலோ செமி ஆட்டோமேட்டிக். கடையின் சொந்த வெப்சைட்டில் ஓணம் ஆஃபர் என்று மேலே பேனர், கீழே ₹7,490. தம்பி சனிக்கிழமை ராத்திரி ஒன்றே ஒன்று ஆர்டர் போட்டான், ஜிபேயில் முழுப் பைசாவும் கட்டினான். "உங்கள் ஆர்டர் உறுதி செய்யப்பட்டது, செவ்வாய் டெலிவரி" என்று ஆர்டர் நம்பரோடு மெயில் வந்தது. செவ்வாய் வண்டி வரவில்லை, மெசேஜ்தான் வந்தது: விலைப் பிழை, ஆர்டர் ரத்து. அன்று சாயங்காலமே அதே பக்கத்தில் ₹11,490. பணம் திரும்பி வர நாலு நாள். அதற்குள் மற்ற கடைகளில் ஆஃபர் முடிந்து, நாகர்கோவிலில் ₹11,200 கொடுத்து வேறொன்று எடுத்தான்.

இதில் எங்கே பிச்சை?

"அட, விலையைப் போட்டு வைக்கிறது வெறும் அழைப்புதான், அது ஒப்பந்தம் ஆகாது" என்று ஒருவர் சட்டம் பேசியிருந்தார். பாதி சரி. பொருளை விலையோடு காட்டி வைப்பது வாங்க வரச்சொல்லும் அழைப்பு, அவ்வளவுதான். வாங்குபவன் ஆர்டர் போடுவதுதான் முன்மொழிவு. கடைக்காரன் அதை ஏற்றுக்கொண்ட பிறகுதான் ஒப்பந்தம். ஆனால் அண்ணாச்சி அங்கேயே நின்றுவிட்டார். தம்பி ஆர்டர் போட்டதோடு கதை முடியவில்லையே, கடைக்காரர் பைசாவை வாங்கி "உறுதி" என்று எழுதியே கொடுத்துவிட்டாரே! ஏற்றுக்கொண்டது தெரிவிக்கப்பட்டு முடிந்தபின் திரும்பப் பெற முடியாது என்று 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 5-வது பிரிவே சொல்கிறது.

இங்கேதான் மெயிலை எழுத்தெழுத்தாகப் படிக்கவேண்டும். "உங்கள் ஆர்டர் கிடைத்தது, பொருளை அனுப்பும்போதுதான் ஒப்பந்தம் ஏற்படும்" என்று எழுதியிருந்தால் அது வெறும் ரசீது. பெரிய தளங்கள் பலவும் வக்கீலை வைத்து இப்படித்தான் எழுதி வைக்கின்றன. அப்படியிருந்தால் நம் பக்கம் மெலியும், ஒத்துக்கொள்கிறேன். நம்ம ஊர்க் கடை அந்த அளவுக்கு யோசிக்கவில்லை. "உறுதி செய்யப்பட்டது" என்று நேராகவே எழுதிவிட்டது. அதற்குத் தம்பி என்ன செய்வான்?

அடுத்தது, "மனுசன் தப்பு பண்ண மாட்டானா?" பண்ணுவான். ஆனால் ஒருவர் மட்டும் உண்மை விவரத்தில் தவறிவிட்டார் என்பதற்காகவே ஒப்பந்தத்தை உடைக்க முடியாது என்பது அதே சட்டத்தின் 22-வது பிரிவு. இரண்டு பேரும் ஒரே முக்கியமான விஷயத்தில் தவறியிருந்தால்தான் 20-வது பிரிவுப்படி அது செல்லாது. இங்கே தவறியது கடைக்காரர் ஒருவர்தான்.

ஆனால் ஒரு பெரிய 'ஆனால்' இருக்கிறது. விலை தப்பு என்று தெரிந்தே பிடுங்கினால் நிலைமை வேறு. சிங்கப்பூரில் 3,854 டாலர் பிரிண்டர் ஒன்று தவறுதலாக 66 டாலர் என்று ஏறிவிட்டது. ஆறு பேர் ராத்திரியோடு ராத்திரியாக மொத்தம் 1,606 பிரிண்டர் ஆர்டர் போட்டார்கள். எல்லாருக்கும் கன்ஃபர்மேஷன் மெயிலும் போனது. கேஸ் மேல்முறையீடு வரை போய் 2005-ல் தோற்றது. ஏன்? அது பிழை என்று அவர்களுக்குத் தெரியும் என்பதை அவர்கள் தங்களுக்குள் பேசிய சாட்டே காட்டிக் கொடுத்தது. அது வெளிநாட்டுத் தீர்ப்பு, நம்ம நுகர்வோர் ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் எதிர்த்தரப்பு கேட்கப்போகும் கேள்வி அதேதான். "தப்பா போட்டிருக்கான் மக்கா, சீக்கிரம் எடு" என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி போட்டிருந்தால் போச்சு. பத்து எண்ணம் எடுத்தாலும் போச்சு. விற்பதற்காக வாங்குபவன் நுகர்வோர் கணக்கிலேயே வரமாட்டான்.

இப்போது சொல்லுங்கள், ஓணத்துக்கு ₹11,490 பொருள் ₹7,490-க்கு வருவது நம்ப முடியாததா? ஆடி முதல் ஓணம் வரை இந்தக் கடைகள் ஒட்டும் நோட்டீஸில் "பாதி விலை" என்பதைத்தவிர வேறென்ன இருக்கிறது? நாங்கள் நம்பவேண்டும் என்றுதானே ஒட்டுகிறீர்கள்? நம்பி வந்தால் பேராசைக்காரனா?

அதற்காகத் தம்பிக்கு மெஷினே கிடைத்துவிடும் என்று யாரும் ஆசை காட்டாதீர்கள். வேறு கடைகளிலும் கிடைக்கிற பொருள் என்றால், பொருளுக்குப் பதில் அநேகமாக இழப்பீடுதான். 73-வது பிரிவுப்படி அது, அவன் நியாயமாக வேறு இடத்தில் வாங்கிய விலைக்கும் இவர்கள் உறுதி செய்த விலைக்கும் உள்ள வித்தியாசம். 11,200-லிருந்து 7,490 போனால் ₹3,710. கோபத்தில் ₹25,000 மெஷின் எடுத்துவிட்டு வித்தியாசம் கேட்டால் கிடைக்காது. நாகர்கோவில் பில்லைப் பத்திரமாக வைக்கச் சொன்னது அதனால்தான். இதற்குமேல் அலைச்சலுக்கும் வழக்குச் செலவுக்கும் கேட்கலாம், அது ஆணையத்தின் இஷ்டம். ஒடிசாவில் 2014-ல் லேப்டாப் ₹190 என்று பார்த்து ஆர்டர் போட்ட சட்ட மாணவர் ஒருவருக்கு, ரத்து செய்ததற்காக மாநில ஆணையம் 2021-ல் மொத்தம் ₹45,000 கொடுக்கச் சொன்னது. 190 ரூபாய்க்கே அப்படி! ஆனால் எல்லா ஆணையமும் அப்படித் தீர்ப்பு சொல்லும் என்று எண்ணிவிடாதீர்கள்.

தம்பி செய்யவேண்டியதைத் தனியாகச் சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்கும் உதவும். விலை மாறுவதற்கு முன்பே முகவரி, நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் வேண்டும், அவனிடம் இருக்கிறது. மெயிலை அழிக்கக்கூடாது. முக்கியமாக, கடைக்காரர் "நீங்களே ஆப்பில் கேன்சல் கொடுத்துருங்க, பைசா சீக்கிரம் வரும்" என்று போன் பண்ணினால் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் ரத்து செய்தது நீங்கள் என்று ஆகிவிடும். முதல் புகார் கடையின் குறைதீர் அலுவலருக்கு. 2020 இ-காமர்ஸ் விதிப்படி அவர் 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ளவேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்கவேண்டும். நடக்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியவில்லையென்றால் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருடம் அவகாசம். கடை எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.

"மூவாயிரத்துக்குப் போய் கேஸா, சவம், விடுப்பா" என்கிறீர்கள். சரி, திருப்பிப் பார்ப்போம். உங்கள் கல்லாப்பெட்டிக்கு மேலே "விற்ற பொருள் திரும்ப எடுக்கப்பட மாட்டாது" என்று போர்டு தொங்குகிறது. வாங்கினவன் மறுநாள் வந்து "நான் விலையைத் தப்பா பாத்துட்டேன் அண்ணாச்சி" என்றால் பைசாவைத் திருப்பிக் கொடுப்பீர்களா? பில் போட்டாச்சு என்று போர்டைக் காட்டுவீர்கள். இந்தக் கடையின் வெப்சைட்டிலேயே வாடிக்கையாளர் ரத்து செய்தால் ₹300 பிடித்தம் என்று இருக்கிறது. அதே 2020 விதியில், கடை தானாக ரத்து செய்யும்போது அதே மாதிரிக் கட்டணத்தைத் தானும் ஏற்காவிட்டால் வாடிக்கையாளரிடம் பிடிக்கக்கூடாது என்று இருக்கிறது. தம்பிக்கு அந்த ₹300 வந்ததா?

வந்தது ₹200 கூப்பன். "ஏற்கிறேன், இனி புகார் இல்லை" என்று கீழே ஒரு பட்டன். அதை அமுக்காதே என்று அவன் அம்மாவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், போன் பாதி நேரம் அவர் கையில்தான்.