நாங்க லாபம் கேக்கல சார், போட்ட துட்டைத்தான் கேக்கோம்

ஞாயித்துக்கிழமை நம்ம கூட்டுறவு கடன் சொசைட்டி மகாசபைக் கூட்டத்துல நடந்த வீடியோ நம்ம ஊர் குரூப்ல சுத்தினதால திரும்பக் கதை சொல்ல வேண்டாம்னு நினைக்கேன். பச்சை சேலை கட்டி கையில பாஸ்புக்கை விரிச்சு வச்சுக்கிட்டு நிக்கிறது எங்க அம்மா. பக்கத்துல "உக்காருங்கம்மா, லாபம் வந்தா எல்லாருக்கும் குடுப்போம்ல"ன்னு மைக்ல சிரிச்சது செயலாளர் சார். பின்னாடி கைதட்டினது யார் யாருன்னு எனக்குத் தெரியும், அவங்களுக்கும் தெரியும், அத விடுங்க.

வீடியோவைப் போட்டவர் "சொசைட்டியில டிவிடெண்ட் கேட்டு தகராறு"ன்னு தலைப்பு வச்சிருக்கார். முதல்ல அத மாத்துங்க அண்ணாச்சி. அம்மா டிவிடெண்ட் கேக்கல. அம்மா கேட்டது டெபாசிட். ரெண்டும் ஒண்ணு இல்ல. இத ஊர்ல உள்ளவங்க குழப்பிக்கிட்டா பரவாயில்ல, இருபது வருஷமா அந்தச் சீட்டுல இருக்கிற ஆளு குழப்பினா அது குழப்பம் இல்ல, வேற.

டிவிடெண்ட்ங்கிறது நம்ம பங்குத் தொகைக்கு வர்றது. சங்கத்துக்கு லாபம் வரணும், ஆடிட் முடியணும், ரிசர்வுக்குப் போக வேண்டியது போகணும், மகாசபை ஒத்துக்கணும், அப்புறம்தான் அதுல ஒரு பங்கு உறுப்பினருக்கு. நஷ்டம்னா கிடையாது. அம்மா பேர்ல ஆயிரம் ரூபா பங்கு இருக்கு, அதுக்கு பல வருஷமா ஒண்ணும் வரல, நாங்க ஒரு வார்த்தை கேட்டோமா? ஆனா டெபாசிட் அப்படி இல்ல. அது சங்கம் அம்மாகிட்ட வாங்கின கடன். லாபமோ நஷ்டமோ, தேதி வந்தா குடுக்கணும். பக்கத்து வீட்ல நூறு ரூபா கைமாத்து வாங்கிட்டு "எனக்கு இந்த மாசம் வியாபாரத்துல லாபம் வந்தா தாரேன்"னு சொன்னா நீங்க கைதட்டுவீங்களா?

சரி, கணக்கைச் சொல்லிடுறேன், ஏன்னா "ஆதாரம் இல்லாம பேசுறான்"னு ஒரு தம்பி கமெண்ட் போட்டிருக்கான். 14-06-2021ல ஒன்றரை லட்சம். 36 மாசம், 7 சதவீதம், மூணு மாசத்துக்கு ஒருக்க வட்டி அசலோட சேரும். முதிர்வுத் தொகை 1,84,716 ரூபான்னு ரசீதுலயே எழுதி கையெழுத்து, சீல் எல்லாம் இருந்துச்சு. 2024 ஜூன் 14 வெள்ளிக்கிழமை அம்மா காலைலயே போய் நின்னாச்சு. கிளார்க் என்ன சொன்னார்னா, "மொத்தமா கேஷ் இல்லம்மா, உங்க சேவிங்ஸ் கணக்குல ஏத்திடுறேன், தேவைக்கு எடுத்துக்கோங்க, ரசீது பின்னாடி கையெழுத்துப் போட்டு குடுங்க". அம்மாவும் ரெவின்யூ ஸ்டாம்ப் மேல மெதுவா எழுத்துக் கூட்டி கையெழுத்துப் போட்டு, ரசீதையும் குடுத்துட்டு, பாஸ்புக்ல என்ட்ரி போட்டு வாங்கிட்டு சந்தோஷமா வந்துட்டாங்க. 1,84,716 வரவு. நீல மசியில, கிளார்க் இனிஷியலோட.

அதுக்கப்புறம் பாஸ்புக்ல மூணே மூணு வரி. ஜூலை 5ல 5,000 பற்று. ஆகஸ்ட் 6ல 5,000. செப்டம்பர் 4ல 5,000. இருப்பு 1,69,716. அதோட சரி. அக்டோபர்ல இருந்து "நாளைக்கு வாங்க". மீதிப் பக்கம் வெள்ளையா கிடக்கு, நீங்க வேணும்னா வந்து பாருங்க.

இதுல உள்ள சூட்சுமம் எனக்கே ரொம்ப நாள் கழிச்சுத்தான் புரிஞ்சது. ரசீதை டிஸ்சார்ஜ் பண்ணி வாங்கிட்டு சேவிங்ஸ்ல ஏத்திட்டா, சங்கத்து டெபாசிட் லெட்ஜர்ல அந்தக் கணக்கு முடிஞ்சுபோச்சு. 'முதிர்ந்தும் குடுக்காத டெபாசிட்'னு அது தனியா நிக்காது, சேவிங்ஸ் இருப்போட கலந்துடும். 7 சதவீத வட்டியும் நின்னுபோச்சு. சில பேருக்கு இதையே வேற மாதிரி பண்றாங்க, "ஒரு வருஷம் புதுப்பிச்சுத் தாரேன்"னு புது ரசீது. அதுல பாக்கியே இல்லாத மாதிரி ஆயிடும், முதிர்வு தேதியும் தள்ளிப்போயிடும். அதனால சொல்றேன், பணத்தையோ செக்கையோ கையில வாங்காம ரசீது பின்னாடி கையெழுத்துப் போட்டு யார்கிட்டயும் குடுக்காதீங்க. கையெழுத்துப் போட்ட ரசீது அவங்க கையில இருந்தா, பணம் குடுத்ததுக்கு அதுதான் அத்தாட்சி. நல்லவேளை எங்களுக்கு பாஸ்புக்ல வரவு விழுந்திருக்கு. அந்த ஒரு வரியும் விழலைன்னா எங்க கதி என்ன?

"தள்ளுபடிப் பணம் கவர்மெண்ட்ல இருந்து முழுசா வரல, அவங்க என்ன செய்வாங்க"ன்னு ஒரு அண்ணன் எழுதியிருக்கார். நியாயமான பேச்சுதான், மறுக்கல. 2021ல பயிர்க்கடன் 12,110 கோடி தள்ளுபடின்னாங்க, அப்புறம் அஞ்சு பவுன் வரைக்கும் நகைக்கடன் தள்ளுபடி வந்தது. சங்கம் நகையைத் திருப்பிக் குடுத்துடும், அரசாங்கம் அந்தத் துட்டை சங்கத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாத்தான் குடுக்கும், நடுவுல கை இறுகத்தான் செய்யும். ஒத்துக்கிடுறேன். ஆனா ஒண்ணு கேக்கேன், அந்த இறுக்கம் எங்க அம்மா தலையில மட்டும் ஏன் இறங்கணும்? இதே அக்டோபர்ல அதே கவுண்டர்ல புதுசா நகைக்கடன் குடுத்துட்டுத்தான் இருந்தாங்க, நான் கண்ணால பார்த்தேன். நகைக்கடன் குடுக்க காசு இருக்கு, டெபாசிட் திருப்ப காசு இல்ல. தள்ளுபடி வாங்கினவங்க மேல எனக்குப் பொறாமைன்னு இப்ப ஒருத்தர் வருவார். இல்லங்க. எங்க சித்தப்பாவுக்கே தள்ளுபடி ஆச்சு, நல்லா இருக்கட்டும். கடன் வாங்கினவனுக்கு மரியாதை, கடன் குடுத்தவளுக்கு "உக்காருங்கம்மா", அதுதான் வலிக்கு.

"ஏன் பெரிய பேங்க்ல போடல"ன்னு இன்னொரு கேள்வி. இதக் கேக்கிறவங்கள்ல பாதிப் பேர் அம்மா மாதிரி ஆள் பெரிய பேங்க்ல போய் நின்னு பார்த்ததில்லன்னு நினைக்கேன். செலான் எழுதத் தெரியாதுன்னா வாட்ச்மேன் விரட்டுவான். சொசைட்டியில "வாங்க பெரியம்மா"ன்னு பேர் சொல்லி உக்கார வச்சாங்க, அதனால போட்டாங்க. அதுவும் என்ன துட்டு தெரியுமா? பீடி சுத்தி வந்த பி.எஃப். முப்பது வருஷம், சொளவை மடியில வச்சு, முதுகு வளைஞ்சு சுத்தினது. நான் ஸ்கூல் விட்டு வந்தா வீடு முழுக்க தூள் வாசம்தான் அடிக்கும்.

பீடிக் கம்பெனியிலயும் ஒரு பாஸ்புக் உண்டு, எங்க பக்கத்து ஆளுகளுக்குத் தெரியும். இலை இவ்வளவு, தூள் இவ்வளவு, கொண்டாந்த பீடி இவ்வளவு, கழிச்சது இவ்வளவு. ஒருநாள் அம்மா போட்ட பீடியில ஒரு கட்டு குறையுதுன்னு கணக்கப்பிள்ளை எழுதிட்டார். அம்மா எண்ணித்தான் கொண்டுபோனாங்க, அழுதாங்க, ஒண்ணும் நடக்கல. "புஸ்தகத்துல எழுதியாச்சு பிள்ள, எழுதினா எழுதினதுதான்"னு சொல்லி கூலியில புடிச்சாங்க. அப்ப எனக்கு ஒன்பது வயசு, அந்த வார்த்தை இன்னும் காதுல கிடக்கு. இப்ப அதே அம்மா கையில ஒரு புஸ்தகம் இருக்கு, அதுல 1,69,716ன்னு எழுதியாச்சு. எழுதினா எழுதினதுதானே? இல்ல அம்மாகிட்ட புடிக்கும்போது மட்டும்தான் அந்தச் சட்டமா?

"கவர்மெண்ட் சொசைட்டி, துட்டு எங்க போயிடும்"னு ஆறுதல் சொல்றவங்களுக்கு ஒரு விஷயம். பேங்க் டெபாசிட்டுக்கு அஞ்சு லட்சம் வரைக்கும் இன்சூரன்ஸ் இருக்குல்ல, அது மாவட்ட மத்திய கூட்டுறவு பேங்குக்கு உண்டு. நம்ம ஊர் தொடக்கக் கூட்டுறவு கடன் சங்கத்துக்குக் கிடையாது. ஊர்ல எல்லாரும் 'பேங்க்'னு கூப்பிட்டாலும் அது பேங்க் இல்ல. இத டெபாசிட் வாங்கும்போது யாரும் சொல்ல மாட்டாங்க. நானும் இப்பத்தான் தெரிஞ்சுக்கிட்டேன், தப்பு என் மேலயும்தான் இருக்கு, படிச்ச பையன்னு பேர் மட்டும்.

"சங்கத்துப் பேரைக் கெடுக்காத, வீட்டுக்குள்ள பேசி முடிப்போம்"னு போன் பண்ணின மாமாவுக்கு: பதினாறு மாசம் வீட்டுக்குள்ளதான் பேசினோம் மாமா. மனு குடுக்கப் போனேன், வாங்கிக்கிட்டாங்க, நகல்ல சீல் போட்டுத் தாங்கன்னேன், "சீல் பேட் காஞ்சுபோச்சு தம்பி"ன்னாங்க. அடுத்த வாரமும் காஞ்சுதான் இருந்துச்சு. 5,000க்கு வித்டிராயல் சிலிப் எழுதி நீட்டினா, வாங்காம கையாலயே தள்ளுறாங்க. 'பணம் இல்லை'ன்னு அதுலயே எழுதிக் குடுங்கன்னா அதுக்கும் ஆள் இல்ல. எழுத்துல எதுவுமே வந்துடக் கூடாதுங்கிறதுல மட்டும் அவ்வளவு கவனம்.

அதனால இனிமே எழுத்துலதான். கூட்டுறவுத் துணைப்பதிவாளர் ஆபீசுக்கு ஒப்புகையோட தபால் போயாச்சு, பாஸ்புக் பக்கம் ஜெராக்ஸ் வச்சு. கூட்டுறவுச் சட்டம் 90-வது பிரிவுல அவர்கிட்டயே வழக்கு மாதிரி போடலாம். "சொசைட்டி விஷயம், வெளி கோர்ட்டு போக முடியாது"ன்னு செயலாளர் சார் அம்மாவைப் பயமுறுத்தினாராம். சார், 2003ல சுப்ரீம் கோர்ட் திருமுருகன் கூட்டுறவு சங்கம் வழக்குல, நம்ம தமிழ்நாட்டு வழக்குதான், நெல் மூட்டையை அடகு வச்சவங்க விஷயம், 90-வது பிரிவு இருந்தாலும் உறுப்பினர் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம்னு சொல்லியாச்சு. அஞ்சு லட்சத்துக்குள்ள கட்டணம்கூட கிடையாது. கெடு ரெண்டு வருஷம், அத அக்டோபர்ல இருந்து எண்ணாம ஜூன்ல இருந்தே எண்ணி வச்சிருக்கேன். "நாளைக்கு வாங்க"ன்னு எதுக்கு இழுக்காங்கன்னு எனக்கும் கொஞ்சம் கொஞ்சமா புரியுது.

எல்லாரும் ஒரே நாள்ல கேட்டா சங்கம் தாங்காதுன்னு சொல்றீங்க. சரி, தாங்காதுதான். அப்ப மாசம் இருபதாயிரம்னு தேதி போட்டு லெட்டர் பேடுல எழுதிக் குடுங்க, நாங்க ஒத்துக்கிடுறோம்னு மகாசபையிலயே சொல்லத்தான் அம்மா எந்திரிச்சாங்க. அதச் சொல்ல விடல. கைதட்டிட்டீங்க. வீட்டுக்கு வந்து அம்மா சோறு திங்கல, "எனக்குப் பேசத் தெரியல தம்பி"ன்னு பாஸ்புக்கை அரிசி டப்பாக்குள்ள திரும்ப வச்சுட்டுப் படுத்துட்டாங்க. பேசத் தெரியாதது அம்மா தப்பு இல்ல.

திங்கக்கிழமை பத்தரைக்கு நானும் அம்மாவும் வர்றோம் சார். சிலிப் எழுதி கொண்டாருவோம், மனு ரெண்டு காப்பி இருக்கும், பாஸ்புக் ஒரிஜினல் வீட்லதான் இருக்கும். சீல் பேடுக்கு மை நானே வாங்கிட்டு வந்துடுறேன், அந்தச் செலவு சங்கத்துக்கு வேண்டாம்.