முதலில் காண்ட்ராஸ்ட் அல்ல, நாய்ஸ்

"காண்ட்ராஸ்டை ஃபுல்லா ஏத்துங்க, அப்புறம் நாய்ஸ் ரிடக்‌ஷனையும் ஃபுல்லா வைங்க, நம்பர் பிளேட் தெளிவாத் தெரிஞ்சிடும்."

இரவுக் கண்காணிப்புக் கேமரா வீடியோவைத் தெளிவாக்க இங்கே ஒருவர் சொன்ன யோசனை இது. இந்த வரிசையே தலைகீழ். வெளிறிப்போன இன்ஃப்ராரெட் படத்தில் பெரும்பாலான பிக்சல்களின் வெளிச்சம், 0 முதல் 255 வரையிலான அளவில், 85-க்கும் 165-க்கும் நடுவே நெருக்கியடித்துக் கிடக்கும். அந்த 80 படிகளை 255-க்கு இழுத்தால் நாய்ஸ் எனும் புள்ளிப்புள்ளியான இரைச்சலும் மூன்று மடங்கு பெரிதாகிறது. அதற்குப் பிறகு ஃபில்டரைப் பலமாக வைத்தால் முகம் மெழுகுபோல் வழுவழுவென ஆகிவிடும். அதனால் முதலில் லேசாக நாய்ஸைக் குறையுங்கள், பிறகு இழுங்கள்:

```
ffmpeg -i in.mp4 -vf "hqdn3d=1.5:1.5:4:4,curves=all='0.33/0 0.65/1'" -crf 16 out.mp4
```

hqdn3d-க்குப் பிறகு வரும் மூன்றாவது எண் 4, அடுத்தடுத்த ஃபிரேம்களை ஒப்பிட்டுச் சுத்தம் செய்யும் அளவு. அசையாத சுவருக்கு அருமை. நடந்துபோகிற ஆளின் பின்னால் நிழல்போல வால் நீண்டால் அளவு அதிகம் என்று அர்த்தம்; 2-க்கு இறக்குங்கள்.

ஃபிரேம்களைச் சேர்த்துச் சராசரி எடுக்கச் சொன்ன நண்பர் சொன்னது சரிதான், ஆனால் நின்றிருக்கும் வண்டிக்கு மட்டும். ஓடும் வண்டிக்கு முதலில் ஃபிரேம்களைப் பொருத்த வேண்டும்.

பிளேட் விஷயம் வேறு. அது ஒளியைத் திருப்பி அடிக்கும் பரப்பு, கேமரா விளக்கில் முழு வெள்ளையாகிவிடும். எல்லாம் 255 ஆன இடத்தில் எழுத்தே பதிவாகவில்லை. வண்டி திரும்பும்போது பிளேட் சாய்ந்து மங்கலாக வரும் ஃபிரேமைத் தேடிப் பாருங்கள்.

தன் கேமராவில் படம் முழுக்கப் பனிமூட்டம் என்று கேட்ட அக்கா, உங்களுடையது நாய்ஸ் இல்லை என்று நினைக்கிறேன். டோம் கண்ணாடியில் தூசியோ சிலந்தி வலையோ இருக்கிறதா, பாருங்கள்.