மூக்குக் குழாய் சாப்பாட்டுக்கு அல்ல

“குடல் அடைப்புக்கு மூக்கால் குழாய் விடுவது சாப்பாடு கொடுக்கத்தான், வீட்டில் ஆமணக்கெண்ணெய் குடித்தாலே சரியாகிவிடும்.”

தவறு, ஆபத்தும்கூட. வெள்ளவத்தையில் இருக்கும் என் மாமிக்குப் பழைய சிசேரியன் தழும்பால் குடல் ஒட்டி மடங்கியிருந்தது; சிறுகுடல் அடைப்புக்கு இப்படியான ஒட்டுகள்தான் முக்கிய காரணம். எச்சில், பித்தம், செரிமான நீர் என்று நாளுக்கு ஏழெட்டு லீற்றர் குடலுக்குள் ஊறுகிறது, கீழே வழியில்லாவிட்டால் அதுவும் விழுங்கிய காற்றும் தேங்கி வயிறு ஊதும், அப்புறம் பச்சையாகச் சத்தி வரும். குழாய் இரைப்பைக்குப் போனதும் பையில் ஒரு லீற்றருக்கு மேல் பச்சைத் தண்ணீர் இறங்கியது, ஊதல் தணிந்தது, சத்தி நுரையீரலுக்குள் போகும் பயமும் குறைந்தது. குழாய் ஒட்டைப் பிரிக்காது. அழுத்தத்தைக் குறைத்து, சேலைனோடு குடலுக்கு அவகாசம் தரும். மாமிக்கு இரண்டாம் நாள் காற்றுப் பிரிந்தது. வலி விடாமல் இருந்தால், காய்ச்சல் வந்தால், குடலுக்கு இரத்தம் நின்றிருக்கலாம், உடனே ஒப்பரேஷன். ஆமணக்கெண்ணெய் அடைபட்ட குடலை இன்னும் இறுகிச் சுருங்க வைக்கும், கொடுக்கவே வேண்டாம்.