மிருதங்க வகுப்புக்கு யுஎஸ்பி கேபிளைத்தான் சொல்வேன்

நேற்று நம் குழுவில் நடந்ததைப் பலரும் பார்த்திருப்பீர்கள். இணையவழியில் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கும் மூத்த ஆசிரியர் ஒருவர், கைப்பேசியை வைஃபை வழியாக லேப்டாப்புக்கு வெப்கேமாக வைத்தால் விரலும் ஒலியும் பொருந்தவில்லை என்று வருத்தத்தோடு கேட்டிருந்தார். யுஎஸ்பி கேபிளில் இணைத்துப் பாருங்கள் ஐயா என்று எழுதினேன். "இந்தக் காலத்திலும் வயரா?" என்று ஒருவர் கேட்டார், அதற்குக் குவிந்த சிரிப்புக் குறிகளைக் கண்டு அந்த ஆசிரியர் தம் கேள்வியையே நீக்கிவிட்டார். என்னைக் கேலி செய்ததைவிட அதுதான் மனத்தை உறுத்துகிறது.

வைஃபைக்கு வேகம் போதாது என்று நான் சொல்லவே இல்லை. சுருக்கி அனுப்பப்படும் காணொளிக்கு இன்றைய வைஃபையின் வேகம் தாராளமாகப் போதும். குறை வேகத்தில் இல்லை, தாமதம் ஒரே அளவில் நிற்காததில் இருக்கிறது. கைப்பேசியிலிருந்து படம் ரூட்டருக்குப் போய், ரூட்டரிலிருந்து லேப்டாப்புக்கு வர வேண்டும். அதே லேப்டாப் வகுப்பையும் அதே ரூட்டர் வழியாக வெளியே அனுப்ப வேண்டும். ஒரே காற்றலையில் மூன்று முறை பயணம், அதே அலைவரிசையில் பக்கத்து வீடுகளின் நெரிசல் வேறு. ஒலியோ லேப்டாப்பின் மைக்கில் நேராக நுழைந்துவிடுகிறது. ஆகவே ஒலி முந்துகிறது, படம் பிந்துகிறது, எவ்வளவு பிந்துகிறது என்பதும் நொடிக்கு நொடி மாறுகிறது.

மிருதங்கத்தில் இதன் விளைவைக் கணக்கிட்டே பார்க்கலாம். நிமிடத்துக்கு 80 அட்சரம், அட்சரத்துக்கு நான்கு சொல் என்று "தகதிமி" வாசித்தால், ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையே ஏறத்தாழ 187 மில்லிநொடிதான் இருக்கும். படம் அந்த அளவு பிந்தினால், மாணவரின் காதில் "தி" விழும்போது கண்ணுக்குத் தெரிவது "க" வாசிக்கும் விரல். எந்த விரல் எந்தச் சொல்லுக்கு என்பதையே கற்கும் குழந்தைக்கு இது தவறான பாடம். ஒலி 45 மில்லிநொடி முந்தினாலே மனிதர்களால் உணர முடியும், பிந்தினாலோ 125 ஆன பிறகே உணர்வார்கள் என்று ஒளிபரப்புத் துறைக்கான ஐடியு பரிந்துரை பிடி.1359 சொல்கிறது. வைஃபை வெப்கேமில் நேர்வது, நாம் குறைவாகப் பொறுத்துக்கொள்ளும் அந்த முந்தல்தான்.

கேபிளிலும் தாமதம் உண்டு. கேமரா படம் பிடிக்கவும், சுருக்கவும், மறுபுறம் விரிக்கவும் நேரம் ஆகத்தான் செய்யும். ஆனால் அது ஏறக்குறைய மாறாமல் நிற்கும். மாறாத தாமதத்தைத்தான் சரிசெய்ய முடியும்: ஓபிஎஸ் மென்பொருளில் பாடத்தைப் பதிவு செய்யும்போது மைக்கின் Sync Offset பெட்டியில் அந்த மில்லிநொடியை ஒருமுறை இட்டால், பாடம் முழுவதும் பொருந்திவிடும். ஆடிக்கொண்டே இருக்கும் தாமதத்துக்கு எந்த எண்ணை இடுவது? சிரித்தவர்களில் ஒருவராவது இதற்குப் பதில் சொல்லியிருக்கலாம்.

"5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வைத்தால் போயிற்று" என்பார்கள். ரூட்டர் அதே அறையில் இருந்து, லேப்டாப்பும் லேன் கேபிளில் இருந்தால் பெருமளவு சரியாகும் என்பதை ஏற்கிறேன். எல்லோர் வீட்டிலும் அப்படியா? என் அடுக்ககத்தில் மாலை நேரத்தில் லேப்டாப்பிலிருந்து கைப்பேசியின் முகவரிக்கு ping கொடுத்தால், ஐந்தாறு மில்லிநொடியில் வரும் பதில் திடீரென்று இருநூறைத் தாண்டும், மறுபடி இறங்கும். என் அக்காள் மகன் வகுப்பில் அமரும் நேரமும் அதுதான். குரு தன்னை ஏன் திரும்பத் திரும்பத் திருத்துகிறார் என்று புரியாமல் அவன் கண் கலங்கியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். எனக்கு இது கருவி விவாதம் மட்டும் அன்று.

நடனம் சொல்லித்தருபவருக்குக் கேபிள் ஒத்துவராது என்றால், சரி, அவர் வைஃபையே வைத்துக்கொள்ளட்டும். கேபிளில் இணைக்க, கணினிக்குக் கைப்பேசியைக் கட்டுப்படுத்த அனுமதி தரும் யுஎஸ்பி டீபக்கிங்கைத் திறப்பது ஆபத்து என்ற அச்சம் நியாயமானது. வகுப்பு முடிந்ததும் அதை அணைத்துவிட வேண்டும். ஆண்ட்ராய்டு 14 வந்த சில கைப்பேசிகளில் யுஎஸ்பி தேர்வுகளிலேயே வெப்கேம் இருப்பதால் அதுவும் தேவையில்லை. மற்றவற்றில் டிராய்ட்கேம் போன்ற செயலியைத் திறந்து, adb கருவி நிறுவிய லேப்டாப்பில் இந்த ஒரு வரி போதும்:

```
adb forward tcp:4747 tcp:4747
```

பிறகு 127.0.0.1 என்ற முகவரியில் இணைக்கலாம். கைப்பேசி சார்ஜ் மட்டும் ஏறி, லேப்டாப்பில் தென்படவே இல்லையென்றால், பெரும்பாலும் அது தரவுக் கம்பிகள் இல்லாத சார்ஜ் வயராக இருக்கும். வேறு கேபிளை மாற்ற வேண்டும்.

சிரித்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இரு வழியிலும் கேமரா முன் கைதட்டிப் பதிவு செய்யுங்கள். நொடிக்கு 30 படம் என்றால் ஒரு படம் 33 மில்லிநொடி. தட்டும் ஒலிக்கும் உள்ளங்கை சேரும் படத்துக்கும் நடுவே எத்தனை படங்கள் என்று, பதிவின் தொடக்கத்திலும் அரை மணி கழித்தும் எண்ணுங்கள். வந்த எண்களைக் குழுவில் போடுங்கள், அந்த ஆசிரியரையும் அழைத்து அவர் கேள்வியைத் திரும்பக் கேட்கச் சொல்லுங்கள்.