பெட்டியைப் பிரித்தால் தெரியும்

வெளிநாட்டிலிருந்து பெட்டி வந்தால் "எங்களுக்கு என்ன வந்திருக்கு?" என்றுதான் சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். அனுப்பியவன் எப்படி இருக்கிறான் என்பதும் அதற்குள்தான் இருக்கிறது. போனில் மறைப்பதைப் பெட்டியில் மறைக்க முடியாது. ஒரு மதினியின் கதையாகவே இதைச் சொல்கிறேன்.

புருஷனுக்கு ஷார்ஜாவில் சாரம் கட்டும் வேலை. ஜூன் கடைசியில் கப்பல் கார்கோவில் போட்ட பெட்டி, ஆகஸ்டில் ராமநாதபுரம் வீட்டுக்கு வந்தது. பிள்ளைகள் சாக்லேட்டை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். மதினி பாதாம் பொட்டலங்களை எடுத்தாள். மூன்றும் தலா கால் கிலோ. அங்கே பெரிய கடைகளில் நிறுத்து வாங்கினால், எடையும் விலையும் தேதியும் அச்சடித்த ஸ்டிக்கர் ஒட்டித் தருவார்கள். விலையை மட்டும் நகத்தால் சுரண்டியிருந்தார். தேதி அப்படியே இருந்தது. மார்ச் 5, ஏப்ரல் 4, மே 29. சம்பளம் வந்ததும் கால் கிலோ வாங்கிச் சேர்த்திருக்கிறார். அப்படியென்றால் மே மாதம் சம்பளம் கைக்கு வந்ததே 29ஆம் தேதிதான். அந்த மாதம் சீட்டுப் பணம் கேட்டபோது, "திர்ஹாம் ரேட் கொஞ்சம் ஏறட்டும், அனுப்புறேன்" என்று சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கிக் கட்டியவள் அவள். அன்று அவரிடம் கோபப்பட்டும் பேசிவிட்டாள்.

சோப்புக் கட்டின் பிளாஸ்டிக் உறை பிரிந்திருந்தது. ஆறில் ஒன்று இல்லை. அது அவர் குளிக்க எடுத்துக்கொண்டது.

அடுத்து, தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் உப்புச் சர்க்கரைப் பொடி, ஒரு பை நிறைய. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12:30க்கும் 3 மணிக்கும் இடையே நேரடி வெயிலில் வேலை வாங்கக் கூடாது. ஆனால் காலை பத்து மணிக்கே இரும்புக் குழாய் கையைச் சுடும். வியர்வையில் உப்பு இறங்கினால் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும், தலை சுற்றும். சாரத்தின் மேல் நிற்பவனுக்குத் தலை சுற்றினால் என்ன ஆகும்? அதற்காகத்தான் கம்பெனி பொடி கொடுக்கிறது. பிள்ளைகளுக்கு ஆரஞ்சு ருசி பிடிக்கும் என்று அதைச் சேர்த்து வைத்திருக்கிறார்.

கண்ணாடி டம்ளர்களைப் பழைய சட்டையில் சுற்றியிருந்தார். உதறியபோது சட்டைப் பையிலிருந்து வலித்தைல டியூப் விழுந்தது. அடிவரை சுருட்டிப் பிதுக்கியது.

தைலம் யாருக்கு என்று நாத்தனார் கேட்கவில்லை. "எனக்கு சென்ட் போடலையா மதினி?" என்றாள். எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். கூடப் பிறந்தவளுக்கு அந்த டியூப் கண்ணில் படவேண்டாமா?

அன்றிரவு போன் வந்தது.

"பெட்டி வந்துச்சா? எல்லாம் சரியா இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க. இடுப்பு வலி எத்தனை நாளா?"

"யாரு சொன்னா உனக்கு?"

"பொடியை அடுத்த கார்கோவுல போட்டீங்கன்னா பிரிக்காமத் திருப்பி அனுப்பிருவேன். நாளையிலருந்து குடிங்க. சம்பளம் லேட்டானா லேட்டுன்னு சொல்லுங்க, நான் சமாளிச்சுக்கிறேன்."