சொத்து இல்லாத பையனுக்குக் கடன் தரலாம், ஆனால் அப்பா கையெழுத்து வேண்டும்

வங்கியில் கடன் பிரிவில் பல வருடம் உட்கார்ந்தவன் நான். போன வருடம் பக்கத்து வீட்டுப் பையனுக்காக மேசைக்கு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தேன். ஏசி மெக்கானிக் பயிற்சி, ஆறு மாதம். கட்டணம் 80,000 ரூபாய், டூல் கிட் 20,000. அப்பா தையல்காரர், வாடகை வீடு. கிளையில் கேட்ட முதல் கேள்வி, "அடமானம் வைக்க என்ன இருக்கு?" ஒன்றும் இல்லை என்றதும் "அப்புறம் பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் கேள்வியே தவறு. மத்திய அரசின் திறன் பயிற்சிக் கடன் திட்டம் 2015-ல் வந்தபோதே அடமானமும் மூன்றாம் நபர் ஜாமீனும் கேட்கக் கூடாது என்றுதான் வந்தது. உச்சவரம்பு அப்போது ஒன்றரை லட்சம். 2024 ஜூலையில் அதை ஏழரை லட்சம் ஆக்கினார்கள். அதுவரையிலான ஒன்பது வருடத்தில் நாடு முழுக்கக் கடன் வாங்கியவர்கள் சுமார் 10,000 பேர்தான். பயிற்சிக் கட்டணம் ஏறிவிட்டது, வரம்பு போதவில்லை என்று அரசுத் தரப்பில் காரணம் சொன்னார்கள். பாதி உண்மை. ஒரு லட்சம் கேட்டு வரும் பையனுக்கு வரம்பு ஒரு தடையே இல்லை. பத்து லட்சம் கடனுக்கு எவ்வளவு தாள் எழுத வேண்டுமோ கிட்டத்தட்ட அவ்வளவு இதற்கும் எழுத வேண்டும், கிளைக்கு வருமானமோ சொற்பம். தட்டிக் கழிக்க அடமானக் கேள்வி வசதியாக இருக்கிறது. நானும் அந்த நாற்காலியில் இருந்தவன்தான், அதனால் சொல்கிறேன்.

சரி, அடமானம் இல்லாமல் வங்கி எதை நம்பித் தருகிறது? மத்திய அரசின் கடன் உத்தரவாத நிதி ஒன்று இருக்கிறது. கடன் வராமல் போனால் நிலுவையில் 75 சதவீதம் வரை அது வங்கிக்குக் கொடுக்கும். இதைத்தான் நிறையப் பேர் "கட்டாவிட்டால் கவர்மென்ட் கட்டிடும்" என்று புரிந்துகொள்கிறார்கள். இல்லை. அந்தப் பணம் வங்கியின் நஷ்டத்துக்கு. பையனின் கடன் பையன் தலையில் அப்படியே இருக்கும், வங்கி வசூலைத் தொடரும். தவணை 90 நாள் தாண்டினால் வராக்கடன். சிபில் அறிக்கையில் அவன் பெயரோடு அப்பா பெயரும் கெடும். ஏனென்றால் சொத்து கேட்காவிட்டாலும், அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட வேண்டும். அப்பா முன்பு ஏதாவது ஒரு ஃபைனான்ஸில் வண்டிக் கடன் வாங்கித் தவணை விட்டிருந்தால், விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். கிளைக்குப் போகும் முன்பே அவருடைய சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பயிற்சி முடிந்து தரும் சான்றிதழ், திறன் படிப்புகளுக்கு மத்திய அரசு வகுத்த தர வரையறையான தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பின்படி உள்ளதா? ஐடிஐ, பாலிடெக்னிக், அரசுத் திறன் திட்டங்களோடு இணைந்த மையங்கள் என்றால் பிரச்சினை குறைவு. 2024 மாற்றத்துக்குப் பிறகு ஸ்கில் இந்தியா டிஜிட்டல் தளத்தில் ஏற்றப்பட்ட வேறு சில படிப்புகளும் சேர்ந்தன. சுவரில் "அரசு அங்கீகாரம்" என்று எழுதியிருப்பது கணக்கில் வராது. படிப்பின் தகுதிக் குறியீட்டைக் கேளுங்கள். சொல்லத் தடுமாறினால் அட்மிஷன் போடாதீர்கள். சில மையங்கள் அங்கேயே "வட்டியில்லாத் தவணை" என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கும். அது பெரும்பாலும் ஏதோ ஒரு நிதி நிறுவனத்தின் கடன். முழுப் பணமும் மையத்துக்கு முதலிலேயே போய்விடும். மையம் பாதியில் மூடினாலும் தவணை மூடாது.

நம் பையன் கணக்குக்கு வருவோம். கடன் ஒரு லட்சம், வட்டி 11 சதவீதம். படிப்பு ஆறு மாதம், முடிந்து வேலை தேட இன்னும் ஆறு மாதம் தவணை கிடையாது. ஆனால் வட்டி ஓடும். ஒரு வருடத்துக்கு 11,000. கட்டாமல் விட்டால் அசலோடு சேர்ந்து 1,11,000 ஆகி, ஐந்து வருடத் தவணை மாதம் சுமார் 2,415 வரும். அந்த வட்டியை மாதம் 917 ரூபாயாக அப்போதே கட்டிவிட்டால் தவணை 2,175-ல் நிற்கும். மொத்த லாபம் மூவாயிரத்துச் சொச்சம்தான். ஆனால் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவனுக்கு மாதம் 240 ரூபாய் குறைவது பெட்ரோல் காசு.

இரண்டாம் முறை போனபோது நான் சண்டை போடவில்லை. "தர முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள்" என்றேன். எந்தக் கடனை மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதோடு எழுத்துப் புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஒம்புட்ஸ்மேனிடம் போகலாம் என்பதும் மேனேஜருக்குத் தெரியும். விண்ணப்பத்தை வாங்கி, தேதி போட்டு ரசீது கொடுத்தார்.

மூன்று வாரத்தில் கடன் வந்தது. கட்டணம் நேராக மையத்தின் கணக்குக்குப் போனது. டூல் கிட்டுக்கு மட்டும் கடையின் கொட்டேஷன் கேட்டார்கள். பையன் இப்போது ஞாயிறுகளில் வயரிங் வேலைக்குப் போய் அந்த 917-ஐக் கட்டிக்கொண்டிருக்கிறான்.